எந்த முனையிலிருந்து படிப்பது: சீன, வியட்நாமியத் தாள்களும் ஆங்கிலப் படிவமும்

உங்கள் மேசைக்கு இரண்டு தாள்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சீனாவின் குன்ஷான் நகரிலிருந்து, மற்றது வியட்நாமின் ஹோ சி மின் நகரிலிருந்து. இரண்டு பொறியாளர்களுக்கு விசா அழைப்புக் கடிதம் தயாரிக்க வேண்டும். சீனத் தாளில் இருப்பவர் லியூ சியாவ்யான். வியட்நாமியத் தாளில் இருப்பவர் ங்குயென் தி து ஹா. இருவரும் பெண்கள், இருவரும் 1989 மே 3 அன்று பிறந்தவர்கள். இந்த அத்தியாயத்துக்காக நான் உருவாக்கிய மாதிரி ஆட்கள்தான் இவர்கள். ஆனால் இவர்களுடைய தாள்களில் வரும் சிக்கல்கள் அன்றாடம் வருபவை. கடைசிவரை இவர்களையே வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். சீனத் தாளில் தேதி, முகவரி, பெயர் மூன்றும் ஒரே திசையில் ஓடும், பெரியதிலிருந்து சிறியதற்கு: ஆண்டு, மாதம், நாள், மாகாணம், நகரம், தெரு, வீடு, குடும்பப் பெயர், சொந்தப் பெயர். பிரிட்டிஷ் வழக்கிலான ஆங்கிலப் படிவம் மூன்றிலும் இதற்கு நேர் எதிர். ஆகவே சீனத் தாளிலிருந்து ஆங்கிலப் படிவத்துக்குப் போகும்போது எல்லாவற்றையும் தலைகீழாக்கினால் பெரும்பாலும் சரியாகவே வரும். வியட்நாமியத் தாள் அப்படியில்லை. பெயர் மட்டும் சீன வழக்கம்போல் குடும்பப் பெயரில் தொடங்கும். தேதியும் முகவரியும் பிரிட்டிஷ் ஆங்கிலம்போல் சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும். சீனத் தாள்களில் கைபழகிய ஒருவர் வியட்நாமியத் தாளையும் அதே வேகத்தில் தலைகீழாக்கும்போதுதான் நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை பிறந்தன. இரண்டையும் ஒரே கோப்புறையில் போட்டு ஒரே ஆளிடம் ஒரே விதியைச் சொல்லிக் கொடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

இந்த வேறுபாட்டின் வேர் இலக்கணத்தில் இருக்கிறது. சீனத்தில், தமிழைப் போலவே, உடையது முன்னால் வந்து உடைமை பின்னால் வரும். ‘2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் தேதி’ என்று நாம் சொல்வதும் பெரியதிலிருந்து சிறியதற்குத்தான். வியட்நாமிய மொழியில் விளக்கும் சொல் பின்னால் வரும். நாள் ஐந்து, மாதம் மூன்று, ஆண்டு இன்னது என்று சொல்வதே அவர்களுக்கு இயல்பு. பெயர் மட்டும் நெடுங்காலமாகச் சீன அமைப்பிலேயே நின்றுவிட்டது.

தேதி

முழுதாக எழுதிய தேதியில் ஐயத்துக்கு இடமே இல்லை. நம் இருவரின் பிறந்த நாள் அவரவர் தாளில் இப்படி இருக்கும்:

```
1989年5月3日
ngày 03 tháng 5 năm 1989
```

முதல் வரியில் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் நிற்கும் எழுத்து, அது ஆண்டா மாதமா நாளா என்று சொல்கிறது. இரண்டாம் வரியில் அதே வேலையைச் செய்யும் சொல் எண்ணுக்கு முன்னால் நிற்கிறது: ங்கய் என்றால் நாள், தாங் என்றால் மாதம், நாம் என்றால் ஆண்டு. இந்த எழுத்துகளையும் சொற்களையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும், மொழி தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் வரியில் நாளுக்கு முன்னால் பூச்சியம் இருக்கிறது, மாதத்துக்கு முன்னால் இல்லை. தட்டச்சு செய்தவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். வியட்நாம் அரசின் 2020ஆம் ஆண்டு 30ஆம் எண் ஆணையின்படி, அலுவலகக் கடிதங்களில் 10க்குக் குறைந்த நாளுக்கும், மாதங்களில் 1, 2 ஆகிய இரண்டுக்கும் மட்டும் முன்னால் பூச்சியம் போட வேண்டும். ஒன்றையும் இரண்டையும் எளிதாகப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆக்கிவிடலாம், ஐந்தை அப்படி மாற்ற முடியாது. முறையான வியட்நாமிய அரசுத் தாள் ஒன்றில் மே மாதத்துக்கு முன் பூச்சியம் இல்லாவிட்டால் அது ஒழுங்காகத் தயாரான தாள் என்றே கொள்ளலாம்.

சிக்கல் சாய்கோட்டிலும் புள்ளியிலும் தொடங்குகிறது. வியட்நாமியத் தாளில் `03/05/1989` என்றால் மே 3. அமெரிக்க நிறுவனம் தயாரித்த படிவத்தில் அதையே அப்படியே எழுதினால் மார்ச் 5. சீனத் தாளில் ஆண்டு முன்னால் நான்கு இலக்கமாக வருவதால் `1989/5/3` என்பதைத் தவறாகப் படிப்பவர் குறைவு. ஆனால் ஆண்டை இரண்டு இலக்கமாகச் சுருக்கியதும் பாதுகாப்பு போய்விடுகிறது.

சரக்குப் பெட்டியில் அச்சான `23.05.24` என்ற முத்திரையைப் பாருங்கள். சீனாவில் உற்பத்தியான பொருள் என்றால் அது 2023 மே 24. வியட்நாமில் உற்பத்தியானது என்றால் 2024 மே 23. ஏறக்குறைய ஓராண்டு வேறுபாடு. பசை, சாயம், உணவுப் பொருள் போன்றவற்றில் இது சரக்கை ஏற்பதா திருப்பி அனுப்புவதா என்ற கேள்வியாகிவிடும். பன்னிரண்டைத் தாண்டிய எண் மாதமாக இருக்க முடியாது என்ற எளிய சோதனை இங்கே உதவாது. நடுவில் நிற்பது மாதம் என்று இரு வழியிலும் தெரிகிறது, மற்ற இரண்டில் எது நாள் என்பதுதான் தெரியவில்லை. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் 31ஐத் தாண்டும்வரை, அதாவது 2032 வரை, இந்தக் குழப்பம் தொடரும். பெட்டியில் வேறு தடயம் தேடுங்கள். வியட்நாமியப் பெட்டியில் உற்பத்தித் தேதிக்கு முன்னால் `NSX` என்றும், பயன்படுத்தக்கூடிய கடைசித் தேதிக்கு முன்னால் `HSD` என்றும் இருக்கும். சீனப் பெட்டியில் பெரும்பாலும் உற்பத்தித் தேதி மட்டும் தேதியாக இருக்கும், ஆயுள் ‘12 மாதம்’ என்பதுபோலக் கால அளவாக இருக்கும். எது எந்த நாட்டுச் சரக்கு என்பதை எழுத்தே சொல்லிவிடும்.

தைவானிலிருந்து வரும் தாள் இன்னொரு வகை. அங்கே ஆண்டுக் கணக்கு 1912ஐ முதல் ஆண்டாகக் கொண்டது. தாளில் இருக்கும் எண்ணோடு 1911ஐக் கூட்ட வேண்டும். `113/05/03` என்று மூன்று இலக்கத்தில் வந்தால் 2024 என்று யாராவது கேட்டாவது தெரிந்துகொள்வார்கள், ஏனென்றால் பார்த்தவுடனே விசித்திரமாக இருக்கிறது. ஆபத்து பழைய தாளில்தான். `98/05/03` என்று ஒரு சான்றிதழில் இருந்தால் கை தானாகவே 1998 என்று எழுதிவிடும். அது 2009. தைவான் கணக்கில் 99ஆம் ஆண்டு 2010. அதுவரை வந்த தாள்கள் எல்லாவற்றிலும் இந்தப் பொறி உண்டு. சான்றிதழ் கொடுத்த இடம் தைவானில் இருந்தால் ஆண்டைத் தொடுவதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.

சந்திர நாட்காட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சீனாவிலும் வியட்நாமிலும் வயதானவர்கள் வாய்மொழியாகச் சொல்லும் பிறந்த நாள் சந்திரக் கணக்காக இருக்கலாம். அது ஆங்கில நாட்காட்டியிலிருந்து பல வாரங்கள் விலகி நிற்கும். படிவத்துக்கு வேண்டியது பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதிதான். வீட்டில் கொண்டாடும் தேதி வேறாக இருந்தால் அதை நீங்கள் மாற்றிக் கணக்கிட்டு எழுதக் கூடாது.

கிழமையை எண்ணுவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. சீனர்கள் திங்களை வாரத்தின் ஒன்றாம் நாள் என்பார்கள். வியட்நாமியர்களுக்குத் திங்கள் இரண்டாம் நாள். ஞாயிற்றுக்குத் தனிப் பெயர், மற்றவை இரண்டிலிருந்து ஏழு வரை. ஆகவே வியட்நாமிய வேலை அட்டவணையில் `T4` என்றால் புதன். சீனத்தில் நான்காம் நாள் என்றால் வியாழன். இரு நாட்டாரும் கலந்த குழுவுக்கு அட்டவணை அனுப்பும்போது கிழமை எண்ணைத் தவிர்த்து, தேதியோடு கிழமையின் ஆங்கிலப் பெயரை முழுதாக எழுதுங்கள்.

எழுதும்போது நான் இரண்டு வடிவங்களைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. மனிதர் படிக்கும் கடிதத்தில் மாதத்தை எழுத்தில் எழுதுவது. கணினிக் கோப்பில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் நான்கு, இரண்டு, இரண்டு இலக்கமாக எழுதுவது.

```
3 May 1989
1989-05-03
```

ஐயம் வந்தால் தீர்த்துவைக்க அடையாளச் சான்றே போதும். சீன அடையாள அட்டையின் 18 இலக்க எண்ணில் 7ஆம் இலக்கத்திலிருந்து 14ஆம் இலக்கம்வரை பிறந்த தேதியேதான். லியூவின் எண்ணில் அந்த இடத்தில் `19890503` இருக்கும். வியட்நாமிய அட்டையின் 12 இலக்க எண் இவ்வளவு சொல்லாது. அதன் 4ஆம் இலக்கம் பாலினத்தையும் நூற்றாண்டையும், அடுத்த இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டையும் காட்டும். ஹாவின் எண்ணில் அந்த மூன்று இலக்கம் `189`: இருபதாம் நூற்றாண்டில் பிறந்த பெண், ஆண்டு 89. நாளையும் மாதத்தையும் உறுதிசெய்ய பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு எந்திர வரிகளைப் பாருங்கள். இரண்டாம் வரியில் நாட்டுக் குறியான `VNM`க்குப் பின் வரும் ஆறு இலக்கம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டானாலும் இந்த வரிசை மாறாது. `890503` என்று கண்டுவிட்டால் பேச்சு முடிந்தது.

முகவரி

லியூவின் முகவரி இடைவெளியே இல்லாமல் ஒரே வரியாக வரும். மாதிரிக்கு ஒரு கற்பனை முகவரி:

```
江苏省苏州市昆山市和平西路18号3幢2单元501室
```

இடமிருந்து வலமாக: ஜியாங்சு மாகாணம், சூச்சோ நகரம், குன்ஷான் நகரம், ஹெபிங் மேற்குச் சாலை, 18ஆம் எண், 3ஆம் கட்டடம், 2ஆம் படிக்கட்டு வாசல், 501ஆம் வீடு. ஒரு முகவரியில் இரண்டு நகரம் வருவதைக் கண்டு ஒன்றை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. சூச்சோ ஒரு பெரிய நகர நிர்வாகம், குன்ஷான் அதன் கீழ் அடங்கிய சிறிய நகரம். இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் சீனத்தில் பயன்படுத்துகிறார்கள். எதையும் வெட்ட வேண்டாம். ஆங்கிலத்தில் இப்படி எழுதலாம்:

```
Room 501, Unit 2, Building 3
No. 18 Heping West Road
Kunshan, Suzhou, Jiangsu 215300
China
```

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, யூனிட் என்ற சொல். ஆங்கிலம் பேசும் ஊர்களில் அது தனி வீட்டைக் குறிக்கலாம். சீன முகவரியில் அது ஒரே கட்டடத்தின் தனித்தனிப் படிக்கட்டு வாசல். படிவத்தில் யூனிட் என்ற கட்டம் இருந்து, அதில் 2 என்று மட்டும் போட்டுவிட்டு 501ஐ விட்டுவிட்டால் கடிதம் வாசலோடு நின்றுவிடும். இரண்டாவது, மேற்கு என்ற சொல். சீன நகரங்களில் ஒரே சாலையின் கிழக்குப் பகுதியும் மேற்குப் பகுதியும் தனித்தனியாக எண் இடப்பட்டவை. 18ஆம் எண் இரண்டிலும் இருக்கும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் சாலைப் பெயருக்கு முன்னும் பின்னும் அடைப்புக்குறியிலும் வரக்கூடும், சிலர் சீன ஒலியிலேயே சாலைப் பெயரோடு ஒட்டியும் எழுதுவார்கள். எங்கே வந்தாலும் சரி, காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனாவுக்குக் கூரியர் அனுப்புவதானால் என் யோசனை எளிமையானது. சீன எழுத்து முகவரியைத் துளியும் மாற்றாமல் அப்படியே ஒட்டுங்கள், நாட்டின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் பெரிதாகக் கீழே எழுதுங்கள், தொலைபேசி எண்ணைச் சேருங்கள். நம் ஊர் அஞ்சலகத்துக்கு நாடு தெரிந்தால் போதும். குன்ஷானில் வீட்டைத் தேடப்போகிறவர் சீன எழுத்தைத்தான் படிக்கப்போகிறார். ஆங்கில மாற்றம் படிவத்துக்காக மட்டும்.

ஹாவின் முகவரி நமக்குப் பழகிய திசையில் ஓடும். இதுவும் கற்பனை முகவரிதான்:

```
123/45/6 đường Hòa Bình, Phường Bến Nghé,
Quận 1, TP. Hồ Chí Minh
```

வீட்டெண், சாலை, வார்டு, மாவட்டம், நகரம். இதை எவரும் தலைகீழாக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் துண்டுக்குள்ளேயே திசை திரும்புகிறது. அந்த மூன்று எண்ணும் பெரியதிலிருந்து சிறியதற்கு: சாலையில் 123ஆம் எண்ணருகே பிரியும் சந்து, அந்தச் சந்தில் 45ஆம் எண்ணருகே பிரியும் உள்சந்து, அதில் 6ஆம் வீடு. தெற்கே ஹோ சி மின் நகரில் இது அன்றாட வழக்கம். ஹனோயில் இதையே பெரும்பாலும் சொல்லாக எழுதுவார்கள். அப்போது 6ஆம் வீடு முதலில் வந்து, உள்சந்து, சந்து என்று போகும். ஆங்கிலப் படிவத்தில் வீட்டெண் கட்டத்தில் சாய்கோடுகளோடு அப்படியே எழுதுங்கள். ‘123, 45, 6’ என்று காற்புள்ளி போடவோ, மூன்றில் ஒன்று போதும் என்று நினைக்கவோ வேண்டாம்.

கணினியில் இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. வீட்டெண் `12/5` என்று இருந்து அதை எக்செல் அட்டவணையில் ஒட்டினால், அது தேதியாக மாறிவிடும். கணினியின் அமைப்பு அமெரிக்க முறை என்றால் டிசம்பர் 5, பிரிட்டிஷ் முறை என்றால் மே 12. மூல எண் அழிந்துவிடுவதால் பிறகு திருத்தவும் வழியில்லை. ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை உரை வடிவுக்கு மாற்றுங்கள், அல்லது ஒட்டாமல் கையால் தட்டச்சு செய்து, எண்ணுக்கு முன் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள்:

```
'12/5
```

வியட்நாமிய முகவரியில் இப்போதைக்குப் பெரிய சிக்கல் வேறு. 2025 ஜூலை 1 முதல் அங்கே மாவட்ட நிலை நிர்வாகம் முழுதாக எடுக்கப்பட்டது. 63 மாகாண அளவிலான பிரிவுகள் 34 ஆக இணைக்கப்பட்டன. மாகாணத்துக்குக் கீழே பெரும்பாலும் நேரடியாக வார்டு அல்லது கிராமம்தான். ஹாவின் முகவரியில் இருக்கும் ‘1ஆம் மாவட்டம்’ சட்டப்படி இல்லாமல் போனது. பென் ங்கே வார்டும் சாய்கோன் என்ற புதிய வார்டில் சேர்ந்தது. பல தொழிற்சாலைகள் இருக்கும் பின் யுவாங் மாகாணம் ஹோ சி மின் நகரோடு இணைந்துவிட்டது. தொழிற்சாலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, முகவரியில் மாகாணத்தின் பெயர் மாறிவிட்டது.

இதனால் ஒரே ஆளின் இரண்டு தாள்களில் இரண்டு முகவரி வரும். அது மோசடிக்கான அறிகுறி அல்ல. பழைய அடையாள அட்டையில் பழையது, புதிய வரிப் பதிவில் புதியது. நீங்களாகவே பழையதைப் புதியதாக மாற்றி எழுதவும் கூடாது. சில பழைய வார்டுகள் பிளந்து இரண்டு புதிய வார்டுகளுக்குப் போயிருக்கின்றன. பழைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீடு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. எதிர்த்தரப்பிடம் புதிய முகவரியை எழுதிக் கேளுங்கள். வரும்வரை, எந்தச் சான்றை இணைக்கிறீர்களோ அந்தச் சான்றில் இருக்கும் முகவரியையே படிவத்தில் போடுங்கள். படிவமும் இணைப்பும் ஒத்துப்போக வேண்டும் என்பதே அதிகாரி முதலில் பார்ப்பது.

மாடி எண்ணிலும் ஒரு நுணுக்கம். சீனாவில் தரைத்தளமே முதல் மாடி. வடக்கு வியட்நாமில் தங் என்ற சொல்லோடு வந்தால் அங்கேயும் தரைத்தளமே ஒன்று. தெற்கில் லாவ் என்ற சொல்லோடு வந்தால் தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஹனோயின் இரண்டாவது தங், சாய்கோனின் முதல் லாவ். ஆங்கிலப் படிவத்துக்காக எண்ணைத் திருத்தாதீர்கள், தாளில் உள்ள எண்ணையே எழுதுங்கள். நேரில் போகிறவருக்கு மட்டும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

பெயர்

பெயர்ப் பகுதியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. தேதியிலும் முகவரியிலும் திசை தெரிந்தால் வேலை முடிந்தது. பெயரில் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன: எது குடும்பப் பெயர், எந்தப் பெயரால் அழைப்பது. சீனருக்கு இரண்டுக்கும் பதில் ஒன்றே. வியட்நாமியருக்கு இரண்டு வேறு பதில்கள்.

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், பெரும்பாலும் ஓரசை. ஓவ்யாங், சுகே போன்ற ஈரசைக் குடும்பப் பெயர்கள் சில உண்டு. சொந்தப் பெயர் ஓரசை அல்லது ஈரசை. நம் பொறியாளருக்கு லியூ குடும்பப் பெயர், சியாவ்யான் சொந்தப் பெயர். சியாவ் முதற்பெயர், யான் நடுப்பெயர் என்று ஆங்கிலப் படிவத்தின் கட்டங்களுக்கு ஏற்ப உடைக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்ததுதான் ஒரு பெயர். நடுப்பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் கையெழுத்திடும்போது சீனர்கள் பலர் தாங்களே வரிசையை மாற்றிக்கொள்கிறார்கள். சியாவ்யான் லியூ என்று மின்னஞ்சலில் வந்தால் ஈரசைத் துண்டு பெரும்பாலும் சொந்தப் பெயர் என்று ஊகிக்கலாம். இரண்டும் ஓரசையானால் ஊகிக்க முடியாது. லி வெய் என்ற பெயரில் லியும் குடும்பப் பெயராகலாம், வெய்யும் ஆகலாம். அவரிடமே கேளுங்கள், இல்லையேல் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள்.

லியூவின் பெயரில் மற்றொரு முடிச்சு. இந்தக் குடும்பப் பெயரில் உள்ள உயிரொலிக்குச் சீன ஒலிபெயர்ப்பில் `u`க்கு மேல் இரட்டைப் புள்ளி வரும். பாஸ்போர்ட்டில் அந்தப் புள்ளி வராது. 2012 வாக்கில் நடைமுறைக்கு வந்த எழுத்துமுறைப்படி பாஸ்போர்ட்டில் `LYU`. வங்கி அட்டையிலும் பழைய தாள்களிலும் அதே ஆள் `LV` ஆக இருக்கலாம், ஆங்கிலச் சான்றிதழில் `LU` ஆகவும் இருக்கலாம். பணம் அனுப்பும்போது வங்கிக் கணக்கில் உள்ளதையும், விசாவுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளதையும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். தேவைப்பட்டால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள்.

வியட்நாமியப் பெயர் மூன்று பகுதி: குடும்பப் பெயர், நடுப்பெயர், சொந்தப் பெயர். ங்குயென் தி து ஹாவில் ங்குயென் குடும்பப் பெயர், ஹா சொந்தப் பெயர். இடையில் வரும் தி பெண்களின் பெயரில் வழக்கமானது, ஆண்களுக்கு வான் அதிகம். வியட்நாமியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ங்குயென் என்பதால், குடும்பப் பெயரால் அழைத்தால் அறையில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் முறையான இடத்திலும் சொந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். சீனத் தலைவரை அதிபர் சி என்கிறோம், சி என்பது அவர் குடும்பப் பெயர். தியன் பியன் ஃபூ போரை வென்ற வோ ங்குயென் சாப்பை உலகம் ஜெனரல் சாப் என்றது, சாப் அவர் சொந்தப் பெயர். ஹோ சி மின் மட்டும் பெரிய விதிவிலக்கு, அவரை மக்கள் ஹோ என்றே மரியாதையாகக் குறிக்கிறார்கள்.

தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொண்டு சொந்தப் பெயரால் அழைக்கப்படும் நமக்கு இது புரிவது எளிது. படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டம் ஒன்று கேட்கிறது, வாழ்க்கை வேறொன்றால் அழைக்கிறது. ஆகவே ஹாவுக்கு இரண்டு பதிவுகள் வேண்டும். படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் `NGUYEN`, சொந்தப் பெயர்க் கட்டத்தில் `THI THU HA`, நடுப்பெயர்க் கட்டம் காலி. கடிதத்தின் விளிப்பில் `Ms Ha`. இதில் எது சரி என்று தயங்கினால் பாஸ்போர்ட்டின் முதல் எந்திர வரி தீர்ப்புச் சொல்லும். இரட்டைக் குறிக்கு முன்னால் இருப்பது குடும்பப் பெயர், பின்னால் இருப்பது எல்லாம் சொந்தப் பெயர்க் கட்டத்துக்கு உரியது:

```
P<VNMNGUYEN<<THI<THU<HA<<<<<<<<<<<<<<<<<<<<<
POCHNLYU<<XIAOYAN<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<<
```

விமானச் சீட்டும் இதே பிரிவைப் பின்பற்றும். சீட்டில் ஹா குடும்பப் பெயராகப் பதிவாகிவிட்டால், பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாமல் விமான நிலையத்தில் சிக்கல் வரலாம். சீட்டு எடுப்பதற்கு முன் இந்த வரியைப் பார்த்து நிரப்பச் சொல்லுங்கள்.

எந்திர வரியில் வியட்நாமிய ஒலிக்குறிகள் இருக்காது. குறி போனால் யுங் என்ற பெண் பெயரும் யூங் என்ற ஆண் பெயரும் ஒரே `DUNG` ஆகிவிடும். ஆகவே மின்னஞ்சலில் குறியில்லாத `DUNG`ஐ வைத்து ஆணா பெண்ணா என்று முடிவு செய்யாதீர்கள். நடுவில் தி இருந்தால் பெண், வான் இருந்தால் ஆண் என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டும் இல்லையானால் கேட்டுக்கொள்ளுங்கள். வடக்கில் ஹுவாங், வு என்று வரும் குடும்பப் பெயர்கள் தெற்கில் ஹுய்ன், வோ என்று வரும். அவை எழுத்துப் பிழைகள் அல்ல. ஒரு தாளில் இருப்பதை மற்றொன்றாகத் திருத்தினால் ஆளே மாறிவிடுவார்.

சீனப் பெருநிலத்திலும் வியட்நாமிலும் பெண்கள் திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. கணவன் மனைவிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் இருப்பதை ஆங்கிலப் படிவம் நிரப்புபவர் சந்தேகத்தோடு பார்க்கக் கூடாது. திருமணத்துக்கு முந்தைய பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடலாம். ஹாங்காங்கில் கணவரின் குடும்பப் பெயரை முன்னால் சேர்த்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அங்கே ஒரே ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயரும் ஓர் ஆங்கிலப் பெயரும் வரலாம். முன்னாள் தலைமை நிர்வாகி கேரி லாமின் முழுப்பெயர் கேரி லாம் செங் யுவெத்-ங்கோர்: லாம் கணவர் வீட்டுப் பெயர், செங் பிறந்த வீட்டுப் பெயர்.

வந்த தாள்களை அடுக்கிவைக்கும் முறைக்கும் இதே பிரிவு பொருந்தும். வியட்நாமில் வகுப்புப் பட்டியலும் பணியாளர் பட்டியலும் வழக்கமாகச் சொந்தப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். ங்குயென் தி து ஹாவை அவர்கள் அனுப்பும் பட்டியலில் `N`இல் தேடினால் கிடைக்க மாட்டார், `H`இல் இருப்பார். ஆங்கிலத்தில் நீங்கள் தயாரிக்கும் பட்டியல் குடும்பப் பெயர் வரிசையில் இருக்கலாம், ஆனால் ங்குயென்கள் நாற்பது பேர் ஒன்றாகக் குவிந்துவிடுவார்கள். எனவே அழைக்கும் பெயருக்குத் தனிப் பத்தி வையுங்கள், அதில் வியட்நாமியருக்குச் சொந்தப் பெயர்த் தொகுதியின் கடைசிச் சொல்லை மட்டும், சீனருக்குக் குடும்பப் பெயரை எழுதுங்கள். விளிப்புக்கும் அந்தப் பத்தியே பயன்படும்: லியூவுக்கு அதில் `Ms Lyu`, ஹாவுக்கு `Ms Ha`.